30 டிகிரி திருப்பினால் படம் முழுக்கக் கறுப்புப் புள்ளி: அணி சரி, படம் தப்பு, ஏன்?

பாட்டுப்புத்தகம் (திங்கள், இரவு 9:40)

அப்பா சேர்த்து வைத்த பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களை ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். பின் அடித்த மெல்லிய புத்தகங்கள். ஸ்கேனர் கண்ணாடியில் நேராக உட்காரவே மாட்டேன் என்கிறது, எல்லாப் பக்கமும் 3, 4 டிகிரி சாய்ந்துதான் விழுகிறது. ரெடிமேட் மென்பொருளில் நிமிர்த்தலாம்தான். ஆனால் கற்றுக்கொண்டது மாதிரியும் இருக்கும் என்று பைத்தானில் நானே எழுத உட்கார்ந்தேன்.

சோதனைக்கு 600×400 அளவில் ஒரு கறுப்பு-வெள்ளைப் பக்கம், பளிச்சென்று தெரியட்டும் என்று 30 டிகிரி. திருப்பிய படம் முழுசாக அடங்க எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அகலம் 600 × 0.866 + 400 × 0.5, அதாவது 720. உயரம் இதேபோல் 647. மையத்தைச் சுற்றித் திருப்ப வேண்டும் என்பதால், முதலில் மையத்தை மூலைக்குக் கொண்டு போய், திருப்பி, புதிய படத்தின் மையத்துக்கு நகர்த்துகிறேன்:

```python
def T(a, b): return np.array([[1,0,a],[0,1,b],[0,0,1.0]])
def S(k):    return np.diag([k, k, 1.0])
def R(d):
    c, s = np.cos(np.deg2rad(d)), np.sin(np.deg2rad(d))
    return np.array([[c,-s,0],[s,c,0],[0,0,1]])

M = T(359.5, 323) @ R(30) @ S(1) @ T(-299.5, -199.5)

for y in range(h):
    for x in range(w):
        X, Y, _ = M @ [x, y, 1]
        out[round(Y), round(X)] = img[y, x]
```

நான்கு மூலைகளையும் கையால் போட்டுச் சரிபார்த்துவிட்டேன். இடது மேல் மூலை (199.9, 0.5)-க்குப் போகிறது, வலது மேல் மூலை (718.6, 300)-க்கு. எல்லாம் சட்டத்துக்குள்தான். படமும் 30 டிகிரி திரும்பித்தான் வருகிறது. ஆனால் உள்ளே கொசுவலை போர்த்திய மாதிரி ஒழுங்கான கறுப்புப் புள்ளிகள். எண்ணிப் பார்த்தால் 32 ஆயிரத்துக்கும் சற்று மேல். பெரிதாக்கவும் இல்லை, சிறிதாக்கவும் இல்லை. ஓட்டை எங்கிருந்து வருகிறது?

---

வேகத்தடை (திங்கள், இரவு 10:05)

இது பெரிதாக்கும்போது வருகிற பிரச்சினை. `S(2)` போட்டால் ஒவ்வொரு பிக்சலும் நான்கு இடத்துக்குப் பரவ வேண்டும். உங்கள் லூப் ஒரு இடத்தில் மட்டும் வைக்கிறது, மூன்று காலி. ஆனால் நீங்கள் போட்டிருப்பது `S(1)`. சுழற்சியில் பரப்பளவு மாறாது, அதனால் ஓட்டை வரவே கூடாது. வேறு எங்கோ தவறு இருக்கிறது. `round` மேல்தான் எனக்குச் சந்தேகம், அதற்குப் பதில் `int` போட்டுப் பாருங்கள்.

---

பாட்டுப்புத்தகம் (திங்கள், இரவு 10:21)

போட்டுப் பார்த்தேன். புள்ளிகள் இடம் மாறின, எண்ணிக்கை அப்படியேதான் இருக்கிறது. கிட்டத்தட்ட அதே 32 ஆயிரம்.

---

நூல்கண்டு (திங்கள், இரவு 11:12)

வேகத்தடை சொன்னதில் முதல் பாதி சரி. பரப்பளவு மாறாததால் ஓட்டை வராது என்கிற இடத்தில்தான் சறுக்கல். 40 சீட் உள்ள பஸ்ஸில் 40 பேர் ஏறினால் எல்லோருக்கும் இடம் உண்டு, ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்தால்! இரண்டு பேர் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்தால் எங்கோ ஒரு சீட் காலியாகத்தான் கிடக்கும்.

கையால் போட்டுப் பார்க்க 45 டிகிரி வசதி. மையத்தை (0,0) என்று வையுங்கள். (1,0) என்ற பிக்சல் (0.71, 0.71)-க்குப் போகிறது. முழு எண்ணாக்கினால் (1,1). அதன் பக்கத்து பிக்சல் (2,0) போவது (1.41, 1.41)-க்கு. அதுவும் முழு எண்ணாக்கினால் (1,1)தான். இரண்டு பேரும் ஒரே சீட். பின்னால் வந்தவர் முன்னால் வந்தவரை அழித்துவிட்டார்.

காலி சீட் எது? புதிய படத்தில் (2,0)-ஐப் பாருங்கள். அதற்கு அருகில் வரக்கூடிய பழைய பிக்சல்கள் நான்கு. (1,−1) போய் விழுவது (1,0)-இல். (2,−2) விழுவது (3,0)-இல். (1,−2) விழுவது (2,−1)-இல், (2,−1) விழுவது (2,1)-இல். நாலாபுறமும் ஆள் உட்கார்ந்தாகிவிட்டது, நடுவில் (2,0) மட்டும் காலி. `int` போட்டால் எல்லோரும் அரைப் பிக்சல் தள்ளி உட்காருவார்கள், நெரிசல் அப்படியேதான் இருக்கும்.

எத்தனை ஓட்டை வரும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியும். ஒரு சதுரக் கட்டத்தின் மேல் அதே அளவுக் கட்டத்தைச் சாய்த்து வைத்தால் நடுவில் விழும் இடைவெளியும் ஒரு சின்னச் சதுரம்தான். அதன் பக்கம் cosθ + sinθ − 1. 30 டிகிரிக்கு 0.366, வர்க்கம் 0.134. உங்கள் 2,40,000 பிக்சலில் 13.4 சதவீதம் ஏறக்குறைய 32,150. நீங்கள் எண்ணியதும் அதுதானே? 45 டிகிரியில் 17 சதவீதத்தைத் தாண்டும், அதுதான் உச்சம்.

---

பாட்டுப்புத்தகம் (திங்கள், இரவு 11:30)

அக்கா, இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. உங்கள் கணக்கில் 3 டிகிரி போட்டால் 0.26 சதவீதம்தான் வருகிறது, 600 சொச்சம் புள்ளி. போன வாரம் 3 டிகிரி நிமிர்த்திய இருபது பக்கத்தில் அங்கங்கே கறுப்புப் புள்ளி இருந்தது. கண்ணாடியில் தூசி என்று நினைத்து இரண்டு தடவை துடைத்தேன்!

---

நூல்கண்டு (திங்கள், இரவு 11:38)

தூசி என்றால் மனம் போன போக்கில் விழும். இது வரிசையில் நிற்கும். 3 டிகிரியில் ஏறக்குறைய 20 பிக்சலுக்கு ஒரு புள்ளி, குறுக்கேயும் நெடுக்கேயும். முழு வெள்ளைத் தாளை ஸ்கேன் செய்யாமல் கணினியிலேயே உருவாக்கி, அதைத் திருப்பிப் பாருங்கள். புள்ளிக்கோலம் தெரிந்தால் குற்றவாளி லூப்தான், ஸ்கேனர் பாவம்.

---

மதியம்_மூணுமணி (செவ்வாய், காலை 8:02)

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? தனித்தனிக் கறுப்புப் புள்ளிதானே. மீடியன் ஃபில்டர் 3×3 ஒரு தடவை ஓட்டினால் பக்கத்துப் பிக்சல்களை வைத்து நிரப்பிவிடும். ஒரே வரி. நான் எப்போதும் அப்படித்தான்.

---

பாட்டுப்புத்தகம் (செவ்வாய், காலை 8:47)

ஓட்டிப் பார்த்தேன் சார். கறுப்புப் புள்ளி போனது உண்மை. கூடவே மெய்யெழுத்தின் தலையில் இருந்த புள்ளிகளும் போய்விட்டன. இந்த ஸ்கேனில் ஒரு புள்ளி ஒன்றரை, இரண்டு பிக்சல்தான் இருக்கும். 'கண்கள்' என்பது 'கணகள' என்று ஆகிவிட்டது. பாட்டை ராகம் போட்டு வாசிக்க வேண்டியிருக்கிறது.

---

சங்கிலி_அளவு (செவ்வாய், காலை 9:15)

தலைப்பைப் பார்த்து வந்தேன். எனக்கும் இதே மாதிரி திருப்பி, நகர்த்தி, அளவு மாற்றுகிற அஃபைன் அணிப் பிரச்சினைதான். கிராமத்து புல வரைபடத்தை ஸ்கேன் செய்து QGIS-இல் மூன்று எல்லைக் கற்களை வைத்துப் பொருத்தினேன். அதில் கிடைத்த ஆறு எண்களை, படம் நிலத்தில் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும் வேர்ல்ட் ஃபைலில் நானே எழுதிப் போட்டேன். படம் தலைகீழாக விழுகிறது. தம்பி, உனக்கும் தலைகீழாகத்தான் விழுகிறதா?

---

பாட்டுப்புத்தகம் (செவ்வாய், காலை 9:20)

இல்லை சார், எனக்கு ஓட்டைதான் விழுகிறது.

---

நூல்கண்டு (செவ்வாய், காலை 10:50)

சங்கிலி சார், வேர்ல்ட் ஃபைலில் நான்காவது வரியைப் பாருங்கள். பிக்சல் வரிசை மேலிருந்து கீழே எண்ணப்படும், நில வரைபடத்தில் வடக்கு மேலே போகப் போகக் கூடும். அதனால் அந்த எண் பொதுவாக எதிர்க்குறியில் இருக்க வேண்டும். இன்னொன்று, ஆறு எண்களும் அணியில் இருக்கிற வரிசையில் அந்தக் கோப்பில் வராது. அணியை வரி வரியாக இல்லாமல் பத்தி பத்தியாக எழுத வேண்டும். வாய்ப்பாடு X = Ax + By + C, Y = Dx + Ey + F என்றால் கோப்பில் A, D, B, E, C, F.

இனி பாட்டுப்புத்தகத்துக்கு. ஓட்டையை அடைக்க வேண்டாம், ஓட்டையே விழாத மாதிரி லூப்பைத் திருப்பிப் போடுங்கள். இப்போது நீங்கள் பழைய பிக்சல் ஒவ்வொன்றையும் பார்த்து "நீ எங்கே போகிறாய்?" என்று கேட்கிறீர்கள். அப்படிக் கேட்டால் எல்லா சீட்டும் நிரம்பும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. புதிய படத்தின் ஒவ்வொரு பிக்சலையும் பார்த்து "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று கேளுங்கள். ஒவ்வொரு சீட்டையும் ஒரே ஒரு தடவை தொடுகிறோம், தொட்ட இடத்தில் ஏதோ ஒன்றை எழுதியே தீருகிறோம். காலியும் இல்லை, நெரிசலும் இல்லை.

```python
Mi = np.linalg.inv(M)
for Y in range(H):
    for X in range(W):
        x, y, _ = Mi @ [X, Y, 1]
        j, i = round(x), round(y)
        if 0 <= i < h and 0 <= j < w:
            out[Y, X] = img[i, j]
```

ஒரு பிக்சலைத் தொடர்ந்து போய்ப் பார்ப்போம். புதிய படத்தில் (400, 300). மையத்திலிருந்து அது (40.5, −23) தள்ளி இருக்கிறது. 30 டிகிரியை எதிர்த் திசையில் திருப்பினால் (23.57, −40.17). பழைய மையத்தைக் கூட்டினால் (323.07, 159.33). அதாவது இந்தப் பிக்சலின் ஊர் பழைய படத்தில் 323, 324 பத்திகளுக்கும் 159, 160 வரிகளுக்கும் நடுவில்.

அப்படி ஒரு பிக்சல் கிடையாது, உண்மைதான். ஆனால் சுற்றியுள்ள நான்கும் கையில் இருக்கின்றன. ஒரு எழுத்தின் மேல் விளிம்பு அங்கே ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: மேல் வரியில் 200, 190 (தாள்), கீழ் வரியில் 60, 50 (மை). பத்தியில் 0.07 தான் தள்ளி இருப்பதால் மேல் வரியின் மதிப்பு 199.3, கீழ் வரியின் மதிப்பு 59.3. வரியில் மூன்றில் ஒரு பங்கு கீழே இறங்கியிருப்பதால் மேலே 0.67, கீழே 0.33 என்ற விகிதத்தில் கலந்தால் 153. மேலே கொடுத்த நிரல் இந்தக் கலவையைச் செய்யாது, அருகில் இருக்கிற 200-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளும். முதலில் அதையே ஓட்டுங்கள், ஓட்டை போனது உறுதியான பிறகு கலவையைச் சேருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

"எங்கே போகிறாய்?" என்று கேட்கிற ஃபார்வர்ட் மேப்பிங்கில் புள்ளி தரையிறங்குவது புதிய கட்டத்தின் நடுவில் எங்கோ, அங்கே சுற்றி என்ன இருக்கிறது என்று இன்னும் தெரியாது. எழுதிக்கொண்டிருக்கிற படம்தானே அது. "எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்கிற இன்வெர்ஸ் மேப்பிங்கில் பின்னம் வருவது பழைய படத்தில், அங்கே எல்லாப் பிக்சலும் தயாராக இருக்கின்றன. ஓட்டை இல்லை என்பதைவிட இந்த வசதிதான் பெரிது என்பேன்.

---

பாட்டுப்புத்தகம் (செவ்வாய், இரவு 9:05)

ஓட்டை பூஜ்யம். நான்கு மூலையில் கறுப்பு முக்கோணம் மட்டும் இருக்கிறது, அங்கே பழைய படமே இல்லை என்பதால் சரிதான். அதை வெள்ளையாக நிரப்பிவிட்டேன்.

ஒரு அடிப்படைக் கேள்வி, சிரிக்காதீர்கள். 3×3 அணி, கடைசியில் ஒரு 1, இதெல்லாம் பார்த்து எழுதியதுதான். படம் இரண்டு பரிமாணம். எதற்கு மூன்றாவது எண்?

---

வேகத்தடை (செவ்வாய், இரவு 9:18)

இது எனக்குத் தெரியும். மூன்றாவது எண் ஆழம். முப்பரிமாணத்தில் படத்தை z=1 என்ற தளத்தில் வைத்திருக்கிறோம்.

---

நூல்கண்டு (செவ்வாய், இரவு 10:02)

வேகத்தடை, z=1 தளம் என்ற படம் மனதில் இருந்தால் தப்பில்லை, ஆனால் ஆழம் என்று சொன்னால் கேமரா, தூரம் என்று எங்கோ போய்விடும். இங்கே அந்த 1 செய்வது ஒரே வேலை: நகர்த்தலை அணிக்குள் கொண்டு வருவது.

2×2 அணி எதுவாக இருந்தாலும் (0,0)-ஐப் பெருக்கினால் (0,0)தான் வரும். எனவே 'எல்லாவற்றையும் 100 பிக்சல் வலப்பக்கம் தள்ளு' என்பதை 2×2 அணியால் சொல்லவே முடியாது. சுழற்றலுக்கும் அளவு மாற்றலுக்கும் பெருக்கல், நகர்த்தலுக்கு மட்டும் தனியாகக் கூட்டல் என்று ஆகும். (x, y, 1) என்று எழுதினால் அணியின் மூன்றாவது பத்தியில் உள்ள எண் அந்த 1-ஆல் பெருக்கப்பட்டு அப்படியே கூடுகிறது. கூட்டல் பெருக்கலுக்குள் ஒளிந்துகொண்டது.

இதனால் கிடைக்கும் லாபம் சமன்பாடு அழகாக இருப்பது மட்டும் இல்லை. உங்கள் `M`-இல் நான்கு படி இருக்கிறது. நான்கையும் முதலிலேயே பெருக்கிவிட்டதால் லூப்புக்குள் ஒரே அணி. திரும்பி வரவும் ஒரே நேர்மாறு அணி. ஒவ்வொரு படிக்கும் படத்தைத் தனித்தனியாக உருவாக்கியிருந்தால் மேலே சொன்ன 200-ஐயும் 60-ஐயும் 153 ஆக்கும் கலவை ஒவ்வொரு தடவையும் நடக்கும். ஒரு தடவை கலந்தால் எழுத்தின் விளிம்பு லேசாக மென்மையாகும். நான்கைந்து தடவை கலந்தால் ஈரத்தில் மை பரவின மாதிரி ஆகிவிடும். 3 டிகிரி திருப்பிச் சேமித்து, போதவில்லை என்று அதன் மேல் இன்னும் அரை டிகிரி திருப்புகிறோம் இல்லையா, அதுவும் இதே தப்புதான். கோணத்தைக் கூட்டி, மூலப் படத்திலிருந்து ஒரே தடவை 3.5 திருப்ப வேண்டும்.

வரிசையும் முக்கியம். வலமிருந்து இடமாகப் படியுங்கள், புள்ளிக்கு மிக அருகில் இருக்கிற அணிதான் முதலில் வேலை செய்கிறது. மூலைப் புள்ளி (0,0)-ஐ எடுங்கள். `T(100,0) @ R(30)` என்றால் திருப்பும்போது அது அசையாது, பிறகு (100, 0)-க்கு நகரும். `R(30) @ T(100,0)` என்றால் முதலில் நகர்ந்து, பிறகு மூலையைச் சுற்றித் திரும்பி (86.6, 50)-இல் நிற்கும். படம் எதிர்பாராத இடத்துக்குப் பறந்து போனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

---

ஓரப்பிக்சல் (புதன், காலை 7:31)

நூல்கண்டு சொன்னதில் ஒரு சின்ன ஆட்சேபம். ஃபார்வர்ட் என்றாலே ஓட்டை என்று புதியவர்கள் நினைத்துவிடக் கூடாது. 1986-இல் ஆலன் பேத் காட்டிய வழி ஒன்று உண்டு. சுழற்சியை மூன்று சரித்தல்களாகப் பிரிக்கலாம்: முதலில் வரிகளைப் பக்கவாட்டில் சரி, பிறகு பத்திகளை மேல்கீழாகச் சரி, மறுபடி வரிகளைச் சரி. 30 டிகிரிக்கு வரிகளின் சரிவு 0.268, பத்திகளின் சரிவு 0.5. சரித்தல் என்றால் ஒரு முழு வரியை இத்தனை பிக்சல் தள்ளுவது மட்டும்தான், சீட்டுக்கட்டைச் சாய்ப்பது போல. தள்ளும் அளவை முழு எண்ணாக்கினாலும் ஒரு வரியில் இரண்டு பிக்சல் மோத வழியே இல்லை. மூன்றிலும் மோதல் இல்லை என்றால் மொத்தத்திலும் இல்லை. ஃபார்வர்டாகவே, ஒரு ஓட்டை இல்லாமல், ஒரு பிக்சலைக்கூட இழக்காமல் திருப்பலாம். திருப்பிப் போட்டால் மூலப் படம் அச்சு அசலாகத் திரும்பக் கிடைக்கும். உங்கள் இன்வெர்ஸ் மேப்பிங்கால் அது முடியாது.

---

நூல்கண்டு (புதன், காலை 9:44)

மறுக்கவில்லை அண்ணே, அழகான வழிதான். ஆனால் அது தனிச் சுழற்சிக்கு. `S(1.3)` சேர்ந்தால் வரியைத் தள்ளுவது மட்டும் போதாது, இழுக்கவும் வேண்டும், அங்கே மறுபடி ஓட்டை வரும். முழு எண்ணாகத் தள்ளினால் சாய்ந்த கோடுகளில் படிக்கட்டும் தெரியும். எழுத்து வாசிக்க வேண்டிய பக்கத்துக்கு அதை நான் போட மாட்டேன்.

---

ஓரப்பிக்சல் (புதன், காலை 10:10)

படிக்கட்டு உங்கள் `round` வைத்த இன்வெர்ஸிலும் தெரியும். கலவை வேண்டும் என்றால் சரித்தலிலும் வரிக்கு வரி கலக்கலாம், அதுவும் ஒரே திசையில் இரண்டு பிக்சலை மட்டும்.

---

நூல்கண்டு (புதன், காலை 10:16)

மூன்று தடவை கலக்க வேண்டும். கலந்த பிறகு 'அச்சு அசல்' போய்விடும்.

---

ஓரப்பிக்சல் (புதன், காலை 10:25)

சரி, சரி. ஆளுக்கு ஒரு பக்கத்தைத் திருப்பி அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இது தீரும். வார இறுதியில் போடுகிறேன்.

---

பாட்டுப்புத்தகம் (புதன், இரவு 8:33)

இரண்டு புதுச் சிக்கல். முதலாவது, பைத்தான் லூப் ஒரு பக்கத்துக்கே சில விநாடி எடுக்கிறது, அதனால் இதே `M`-ஐ நூலகங்களுக்குக் கொடுத்தேன். `cv2.warpAffine`-இல் முதல் இரண்டு வரியைக் கொடுத்தால் சரியாக வருகிறது. Pillow-இன் `Image.transform`-இல் அதே ஆறு எண்ணைக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் திரும்புகிறது, பாதிப் படம் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. இரண்டாவது, பட்டியலுக்காக நான்கில் ஒரு பங்காகச் சிறிதாக்கினேன். சில எழுத்துகளில் மெல்லிய கோடுகள் காணாமல் போகின்றன. இன்வெர்ஸ்தான் போட்டிருக்கிறேன், ஓட்டை வரக் கூடாதே?

---

நூல்கண்டு (புதன், இரவு 9:50)

முதலாவது: `warpAffine` உங்கள் அணியை 'பழையதிலிருந்து புதியதுக்கு' என்று எடுத்துக்கொண்டு தானே நேர்மாறு கண்டுபிடிக்கும். ஏற்கெனவே நேர்மாறு கொடுத்திருக்கிறேன் என்று சொல்ல `WARP_INVERSE_MAP` என்ற கொடி உண்டு. Pillow அப்படி இல்லை, நீங்கள் கொடுப்பதே 'புதியதிலிருந்து பழையதுக்கு' என்று நம்பி நேராகப் பயன்படுத்தும். அங்கே `Mi`-இன் ஆறு எண்ணைக் கொடுங்கள். `scipy.ndimage.affine_transform`-உம் இதே கட்சிதான், அதோடு அங்கே வரி முதலில், பத்தி பிறகு. எந்த நூலகமாக இருந்தாலும் முதலில் வெறும் `T(50, 0)` கொடுத்துப் பாருங்கள். படம் வலப்பக்கம் போனால் அது நேர் அணி கேட்கிறது, இடப்பக்கம் போனால் நேர்மாறு, மேலேயோ கீழேயோ போனால் அங்கே வரிதான் முதலில். ஆவணத்தைப் படிப்பதைவிட வேகம்.

இரண்டாவது: புதிய படத்தில் ஓட்டை இல்லை, பழைய படத்தில் இருக்கிறது! நான்கில் ஒரு பங்கு என்றால் புதிய பிக்சல் ஒன்று பழைய 4×4, அதாவது 16 பிக்சலுக்குப் பிரதிநிதி. நம் கலவை அதில் அதிகபட்சம் நான்கைத்தான் வாசிக்கிறது. மீதி 12 பேரை யாருமே "இருக்கிறாயா?" என்று கேட்கவில்லை. ஒரு பிக்சல் தடிமனுள்ள கோடு அந்த 12-இல் விழுந்தால் அவ்வளவுதான், போயிற்று. ஃபார்வர்டில் புதிய சீட் காலியானது போல இன்வெர்ஸில் பழைய பயணி விட்டுப்போகிறார். சிறிதாக்கும் முன் மூலப் படத்தைக் கொஞ்சம் மங்கலாக்குங்கள், அப்போது விட்டுப்போகிறவரின் நிறத்தில் கொஞ்சம் பக்கத்தில் இருப்பவரிடம் ஒட்டிக்கொள்ளும். அல்லது நான்கு நான்கு பிக்சலின் சராசரியை எடுத்துப் பாதி, பாதியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.

---

வேகத்தடை (புதன், இரவு 10:12)

மையம் ஏன் 299.5? 600-இல் பாதி 300 அல்லவா? நான் எப்போதும் `w/2` தான் போடுகிறேன், ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

---

நூல்கண்டு (புதன், இரவு 10:30)

180 டிகிரி திருப்பி, `img[::-1, ::-1]` உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 300-ஐ மையமாக வைத்தால் பத்தி 0 போவது 600-க்கு. அப்படி ஒரு பத்தியே இல்லை, கடைசி 599. ஒரு ஓரம் வெட்டுப்பட்டு எதிர் ஓரத்தில் கறுப்புக் கோடு வரும். 299.5 வைத்தால் 0 சரியாக 599-க்குப் போகும். பிக்சலின் நடுவை முழு எண்ணாக எண்ணுகிற வரை இப்படித்தான். சில மென்பொருள்கள் பிக்சலின் மூலையை முழு எண்ணாக எண்ணும், அங்கே 300 சரி. உங்களுடையது எந்த வகை என்று எனக்குத் தெரியாது.

---

வேகத்தடை (புதன், இரவு 10:58)

கறுப்புக் கோடு வருகிறது. இரண்டு வருடமாக அதை பார்டர் என்று நினைத்து வெட்டிக்கொண்டிருந்தேன்.

---

சங்கிலி_அளவு (வியாழன், காலை 6:40)

நான்காவது வரியில் எதிர்க்குறி போட்டதும் படம் நிமிர்ந்துவிட்டது அம்மா, நன்றி. இப்போது வேறு சந்தேகம். மூன்று கல்லை வைத்துப் பொருத்தியதில் பிழை பூஜ்யம் என்று காட்டியது, சந்தோஷப்பட்டேன். நேற்று நான்காவது கல்லைப் போய்ப் பார்த்தால் படத்தில் இருக்கிற இடத்துக்கும் நிஜத்துக்கும் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் இடைவெளி.

---

நூல்கண்டு (வியாழன், காலை 8:05)

ஆறு தெரியாத எண், மூன்று கல்லிலிருந்து ஆறு சமன்பாடு. பிழை பூஜ்யமாக வராமல் இருந்தால்தான் ஆச்சரியம் சார். ஒரு கல்லைத் தப்பாகக் குறித்திருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். நான்காவதிலிருந்துதான் உண்மை பேச ஆரம்பிக்கும். ஆறேழு கல் வைத்து மறுபடி பொருத்துங்கள். பிழை எல்லாக் கல்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவினால் அளவையில் உள்ள சின்னத் தடுமாற்றம், ஒரே கல்லில் குவிந்தால் அந்தக் கல்.

---

சங்கிலி_அளவு (வியாழன், காலை 8:22)

தாள் பழையது. நடுவில் மடிப்பு, ஒரு பக்கம் ஈரம் பட்டுச் சுருங்கியிருக்கிறது. அதனாலும் இருக்குமா?

---

ஓரப்பிக்சல் (வியாழன், காலை 8:51)

தாள் முழுக்க நீளத்தில் இவ்வளவு, அகலத்தில் இவ்வளவு என்று ஒரே சீராகச் சுருங்கியிருந்தால் அஃபைனே பார்த்துக்கொள்ளும், அளவு மாற்றல் இரு திசையிலும் வேறாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் சுருங்கியிருந்தால் முடியாது. இணைகோடு இணைகோடாகவே இருக்கும் என்பது அஃபைனின் கட்டுப்பாடு. மடிப்புக்கு இந்தப் பக்கம் மூன்று கல், அந்தப் பக்கம் மூன்று கல் வைத்துத் தனித்தனியாகப் பொருத்திப் பாருங்கள். இரண்டு அணியும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று இங்கே போடுங்கள்.

---

சங்கிலி_அளவு (வியாழன், காலை 9:03)

மடிப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு கல்தான் மிச்சம் இருக்கிறது. மூன்றாவதன் மேல் வீடு கட்டிவிட்டார்கள்.